ஏழா, எட்டா, ஒன்பதா? நினைவமைப்பைச் சோதித்தல்

சிங்கப்பூரில் ஒரு காலணிக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 28ஆம் தேதி ஒருவர் அங்கே 100 வெள்ளி விலையுள்ள காலணிகளை வாங்குகிறார். பொருள் சேவை வரியையும் சேர்த்து 108 வெள்ளி கட்டுகிறார். அளவு பொருந்தாததால் 2024 ஜனவரி 3ஆம் தேதி அவற்றைத் திருப்பிக் கொடுக்க வருகிறார். ரசீது தொலைந்துவிட்டது, வாங்கிய நாள் மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஊழியர், வரி எவ்வளவு என்று கடையின் தகவல் மென்பொருளில் தேடிப் பார்க்கிறார். திரையில் ‘9 விழுக்காடு’ என்று வருகிறது. அதை நம்பி அவர் 109 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்கு ஒரு வெள்ளி நட்டம்.

மென்பொருள் தவறாகச் சொல்லிவிட்டதா? ஜனவரி 3ஆம் தேதியில் வரி 9 விழுக்காடுதான். ஆனால், ஊழியருக்குத் தேவைப்பட்டது டிசம்பர் 28ஆம் தேதியில் இருந்த வரி. அது 8 விழுக்காடு. இதற்கு நேர்மாறாக, அந்த மென்பொருள் ஜனவரி 3ஆம் தேதி விற்கும் புதிய காலணிகளுக்கும் ‘8 விழுக்காடு’ என்று காட்டினால், அதுவும் தவறு. ஒரே எண் ஒரு கேள்விக்குச் சரியான விடையாகவும் இன்னொரு கேள்விக்குத் தவறான விடையாகவும் இருக்கிறது.

இத்தகைய மென்பொருளுக்குள் இருக்கும் ஒரு பகுதியை நினைவமைப்பு என்று அழைக்கலாம். நாம் அவ்வப்போது தரும் தகவல்களை அது குறிப்புகளாகச் சேமித்து வைக்கிறது. பிறகு கேட்கும்போது பொருத்தமான குறிப்பைத் தேடி எடுத்துத் தருகிறது. கடைகளில் மட்டுமல்ல, நம் கைத்தொலைபேசியில் உள்ள உரையாடு செயலிகள் சிலவற்றிலும் இத்தகைய நினைவமைப்பு உண்டு. அது எடுத்துத் தரும் தகவல் சரியானதா, கேட்ட நாளுக்கு நடப்பில் உள்ளதா என்பதை எப்படிச் சோதிப்பது? சிங்கப்பூரின் பொருள் சேவை வரியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம். அந்த வரியின் அளவு எந்த நாளில் மாறியது என்பது ஐயத்திற்கு இடமின்றிப் பதிவாகியிருக்கிறது. சோதனைக்கு அதுவே வசதி.

முதல் வேலை, விடைக்குறிப்பைத் தயாரிப்பது. தேர்வுத்தாளைத் திருத்தும் ஆசிரியரிடம் விடைகள் முன்கூட்டியே இருக்க வேண்டும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். நினைவமைப்பில் உள்ள குறிப்புகளைப் பார்த்தே விடைக்குறிப்பை எழுதினால், குறிப்புகளில் உள்ள பிழை விடைக்குறிப்பிலும் புகுந்துவிடும். ஆகவே, சோதனையாளர் அரசாங்கம் வெளியிட்ட தகவலிலிருந்து அதைத் தனியாக எழுதிக்கொள்கிறார். 2004 ஜனவரி 1 முதல் வரி 5 விழுக்காடு. 2007 ஜூலை 1 முதல் 7 விழுக்காடு. 2023 ஜனவரி 1 முதல் 8 விழுக்காடு. 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. இதற்கு முந்தைய மாற்றங்களும் உண்டு. நமக்கு இவையே போதும்.

அடுத்து, நினைவமைப்பிற்குக் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும். இங்கேதான் ஒரு நுட்பமான செய்தி இருக்கிறது. 8 விழுக்காடு என்ற மாற்றமும் 9 விழுக்காடு என்ற மாற்றமும் தனித்தனி நாள்களில் நடப்புக்கு வந்தாலும், அவற்றுக்குரிய தேதிகள் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டன. 2022 பிப்ரவரி 18ஆம் தேதி, அப்போதைய நிதி அமைச்சர் லாரன்ஸ் வோங் தமது வரவுசெலவுத் திட்ட உரையில் இரண்டையும் சேர்த்தே அறிவித்தார். எனவே, ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு தேதிகள் உள்ளன. ஒன்று, நாம் அதைக் கேள்விப்பட்ட நாள். மற்றொன்று, அது நடப்புக்கு வரும் நாள். அறிவிப்பைக் கேட்டதும் வரி உயர்ந்துவிடாது என்பது நமக்குத் தெரியும். நினைவமைப்புக்கு அது தெரியுமா என்பதைத்தான் சோதனை கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று வகையான நினைவமைப்புகளைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதலாவது, கரும்பலகையைப் போன்றது. ஒன்றைப் பற்றிப் புதிய தகவல் வந்தால், பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதிக்கொள்ளும். அமைச்சரின் உரையில் கடைசியாக வந்த எண் 9. ஆகவே, 2022 பிப்ரவரியிலிருந்தே அது ‘9 விழுக்காடு’ என்ற ஒரே விடையைத்தான் தரும்.

இரண்டாவது, எதையும் அழிக்காது. எல்லாக் குறிப்புகளையும் குவித்து வைத்துக்கொண்டு, கேள்விக்கு மிக நெருக்கமாகத் தோன்றும் குறிப்பை எடுத்துத் தரும். இந்த நெருக்கத்தை அது எப்படி அறிகிறது? ஒவ்வொரு வாக்கியத்தையும் நீண்ட எண் வரிசையாக மாற்றிவைக்கிறது. பொருளில் ஒத்த வாக்கியங்களின் எண் வரிசைகளும் ஒத்திருக்கும். ‘மீன் வாங்கினேன்’, ‘மீன் வாங்கி வந்தேன்’ ஆகிய இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமையும். தேடலுக்கு இது மிகவும் பயனுள்ள முறை. ஆனால், ‘வரி 7 விழுக்காடு’, ‘வரி 9 விழுக்காடு’ என்ற இரண்டு வாக்கியங்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து விழும். எது புதியது என்பது அந்த நெருக்கத்தில் தெரியாது. அதோடு, 7 விழுக்காடு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நடப்பில் இருந்தது. அதைக் குறிப்பிடும் பழைய குறிப்புகள் ஏராளமாகக் கிடக்கும். எனவே, எந்த நாளைப் பற்றிக் கேட்டாலும் 7 என்ற விடையே மேலே மிதந்து வரக்கூடும். நம் எடுத்துக்காட்டில் அப்படி வருவதாகவே கொள்வோம்.

மூன்றாவது, ஒவ்வொரு குறிப்போடும் அது எந்த நாளிலிருந்து நடப்புக்கு வருகிறது என்பதையும் சேர்த்து எழுதி வைக்கும். கேள்வி எந்த நாளைப் பற்றியது என்று பார்த்து, அந்த நாளுக்குப் பொருந்தும் குறிப்பை எடுக்கும்.

இப்போது கேள்விகள். பெரும்பாலோருக்கு முதலில் தோன்றும் கேள்வி, ‘இப்போது வரி எவ்வளவு?’ என்பதுதான். 2024ஆம் ஆண்டின் நடுவில் இதை மட்டும் கேட்டால் என்ன ஆகும்? கரும்பலகை 9 என்கிறது, சரி. மூன்றாவதும் 9 என்கிறது, சரி. இரண்டு நினைவமைப்புகளும் சமமான தரத்தில் இருப்பதுபோல் தோன்றுகிறது. 2022 மார்ச்சில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டாவது நினைவமைப்பு 7 என்று சொல்லித் தேறியிருக்கும், கரும்பலகை தோற்றிருக்கும். நின்றுபோன கடிகாரமும் ஒரு நாளில் இரண்டு முறை சரியான நேரத்தைக் காட்டும். அது ஓடுகிறதா என்று அறிய வேண்டுமானால், வெவ்வேறு வேளைகளில் பார்க்க வேண்டும்.

அதனால், சோதனையாளர் ஐந்து நாள்களைத் தேர்ந்தெடுக்கிறார். அறிவிப்பு வந்த சில நாள்களுக்குப் பிறகு 2022 மார்ச் 1. முதல் மாற்றத்துக்கு முந்தைய நாளான 2022 டிசம்பர் 31. மாற்றம் வந்த 2023 ஜனவரி 1. அடுத்த மாற்றத்துக்கு முந்தைய நாளான 2023 டிசம்பர் 31. பிறகு 2024 ஜனவரி 1. சரியான விடைகள் முறையே 7, 7, 8, 8, 9. மாற்றம் நிகழும் எல்லையின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு நாளை எடுத்துக்கொண்டதைக் கவனியுங்கள். ஆண்டின் நடுவில் கேட்டால் சரியாகச் சொல்லும் நினைவமைப்பு, எல்லையில் ஒரு நாள் முன்பின்னாகத் தடுமாறலாம். ‘ஜனவரி 1 முதல்’ என்பதை ‘ஜனவரி 1க்குப் பிறகு’ என்று நிரலாளர் எழுதிவிட்டாலே போதும். முதல் நாள் முழுவதும் விடை தவறாகிவிடும்.

ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால், கரும்பலகை எல்லாவற்றுக்கும் 9 என்கிறது. கடைசிக் கேள்விக்கு மட்டும் அது சரி. ஐந்துக்கு ஒரு மதிப்பெண். இரண்டாவது, எல்லாவற்றுக்கும் 7 என்கிறது. முதல் இரண்டு கேள்விகளுக்கு அது சரி, ஐந்துக்கு இரண்டு. மூன்றாவது ஐந்துக்கு ஐந்து பெறுகிறது. ஒரே கேள்வியில் மறைந்திருந்த வேறுபாடு இப்போது நன்றாகவே தெரிகிறது.

2022 மார்ச் மாதமெல்லாம் கடந்து போய்விட்டதே, அந்த நாளில் நின்று எப்படிக் கேட்பது என்று உங்களுக்குத் தோன்றலாம். ‘இப்போது’ என்ற சொல்லின் பொருளை நினைவமைப்பு கணினியின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. ஆகவே, சோதனையின்போது உண்மையான கடிகாரத்துக்குப் பதிலாக ஒரு பொய்க் கடிகாரத்தைப் பொருத்துவார்கள். அது சோதனையாளர் சொல்லும் தேதியையும் நேரத்தையும் மட்டும் காட்டும். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. உண்மையான கடிகாரத்தை நம்பி எழுதிய சோதனை இன்று தேறி, மென்பொருளில் யாரும் கைவைக்காமலேயே நாளை தோற்றுப்போகலாம். பொய்க் கடிகாரத்தோடு எழுதிய சோதனை எத்தனை முறை நடத்தினாலும் ஒரே முடிவைத் தரும்.

தேதியோடு நேரத்தையும் ஏன் சொன்னேன்? கணினிகள் பலவற்றில் நேரம், உலகப் பொது நேரத்தில் பதிவாகிறது. சிங்கப்பூர், மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் முந்தியது. இங்கே 2024 ஜனவரி 1ஆம் தேதி காலை 7.30 மணி என்றால், உலகப் பொது நேரப்படி அது டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.30 மணி. உள்ளூர் நேரத்துக்கு மாற்றிப் பார்க்கத் தவறிய நினைவமைப்பு, புத்தாண்டு காலையில் ரொட்டி வாங்க வருபவருக்குப் பழைய வரியையே காட்டும். காலை 8 மணி ஆனதும் அந்தப் பிழை தானாகவே மறைந்துவிடும்! பகலில் அலுவலகத்துக்கு வந்து சோதிப்பவர் கண்ணில் அது படவே படாது. பொய்க் கடிகாரத்தைக் காலை 7.30க்குத் திருப்பி வைத்தால்தான் பிடிபடும். எனக்குத் தெரிந்தவரை, இந்தப் பகுதிகளில் மென்பொருள் எழுதுவோர் ஒருமுறையேனும் சந்திக்கும் தொல்லை இது.

இதுவரை நாம் பார்த்தவை எல்லாம் மாற்றங்கள். பழைய தகவல் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. பிறகு உலகம் மாறியது. புதிய தகவல் வந்தது. ஆனால், புதிய குறிப்பு எழுதப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய குறிப்பே தவறாக இருந்திருக்கலாம். அப்போது வருவது மாற்றம் அன்று, திருத்தம்.

கடை ஊழியர் ஒருவர், 7 விழுக்காட்டு வரி 2007 ஜனவரி 1ஆம் தேதி தொடங்கியதாகக் குறித்துவைத்துவிட்டார் என்று கொள்வோம். ஜனவரி, ஜூலை என்ற இரண்டு மாதப் பெயர்களையும் குழப்பிக்கொள்வது எளிது. பிறகு மற்றோர் ஊழியர் அதைக் கண்டுபிடித்து, ஜூலை 1 என்று திருத்துகிறார். இப்போது 2007 மார்ச் 15ஆம் தேதிக்குரிய வரியைக் கேட்டால் என்ன விடை வர வேண்டும்? 5 விழுக்காடு. அன்று 100 வெள்ளிப் பொருளுக்கு 105 வெள்ளிதான் கட்டியிருப்பார்கள். ஆனால், திருத்தத்தையும் ஒரு மாற்றமாகவே கருதும் நினைவமைப்பு, பழைய குறிப்பை ‘முன்பு உண்மையாக இருந்த தகவல்’ என்று பத்திரப்படுத்திவிடும். மார்ச் 15 பற்றிக் கேட்டதும் அந்தத் தவறான குறிப்பை வெளியே எடுத்து 7 என்று சொல்லும். அந்த நாளில் 7 விழுக்காடு ஒருபோதும் நடப்பில் இருந்ததில்லை.

இதைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு தவறு தெரியும். மாற்றத்தைத் திருத்தமாகக் கருதும் நினைவமைப்பு, 9 விழுக்காடு வந்ததும் 8 விழுக்காட்டைத் தவறான தகவல் என்று நினைத்து நீக்கிவிடும். அப்போது 2023ஆம் ஆண்டின் ரசீதுகளுக்கு அதனிடம் விடையே இருக்காது. நம் காலணிக் கடையில் நடந்தது இதுவாகவும் இருக்கலாம்.

ஆகவே, சோதனையில் இரண்டு வகைக் குறிப்புகளையும் கலந்து கொடுக்க வேண்டும். மாற்றத்துக்குப் பிறகு பழைய நாளைப் பற்றிக் கேட்டால் பழைய விடை வர வேண்டும். திருத்தத்துக்குப் பிறகு எந்த நாளைப் பற்றிக் கேட்டாலும் அந்தத் தவறான விடை வரக்கூடாது. இந்த இரண்டையும் ஒரே நினைவமைப்பு செய்துகாட்டினால்தான், அது புதிய குறிப்பு ஏன் வந்தது என்பதை அறிந்து வைத்திருக்கிறது என்று சொல்ல முடியும். மக்கள் எழுதும் குறிப்புகளில் ‘இது திருத்தம்’ என்ற தலைப்பு இருக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ‘அடடா, ஜூலை என்று இருக்க வேண்டும்’ என்றுதான் எழுதுவார்கள். சோதனைக் குறிப்புகளையும் அப்படியே எழுதுவது நல்லது.

இப்போது அந்தக் கடை ஜொகூர் பாருவில் ஒரு கிளையைத் திறப்பதாக வைத்துக்கொள்வோம். மலேசியாவிலும் பொருள் சேவை வரி என்ற பெயரில் ஒரு வரி இருந்தது. அது 2015 ஏப்ரல் 1ஆம் தேதி 6 விழுக்காட்டில் தொடங்கியது. 2018 ஜூன் 1ஆம் தேதி 0 விழுக்காடாக்கப்பட்டது. 2018 செப்டம்பர் 1ஆம் தேதி அதன் இடத்தில் விற்பனை, சேவை வரி மீண்டும் நடப்புக்கு வந்தது. இந்தக் குறிப்புகளையும் நினைவமைப்பில் சேர்த்தால் சோதனைக்கு இரண்டு புதிய கேள்விகள் கிடைக்கின்றன.

ஒன்று, பெயர்க் குழப்பம். இரு நாட்டு வரிக்கும் பெயர் ஒன்றே. வரியின் பெயரை மட்டும் பார்க்கும் நினைவமைப்பு, 2018ஆம் ஆண்டு வந்த மலேசியக் குறிப்பைச் சிங்கப்பூர் வரிக்கான புதிய தகவல் என்று எடுத்துக்கொண்டு, சிங்கப்பூரின் 7 விழுக்காட்டை 0 விழுக்காடாக மாற்றிவிடலாம். எனவே, மலேசியக் குறிப்புகளைக் கொடுத்த பிறகு, சிங்கப்பூரைப் பற்றிய பழைய கேள்விகளையே மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டும். அவற்றின் விடைகள் சிறிதும் அசையக்கூடாது.

இரண்டாவது கேள்வி, முடிவுக்கு வந்த தகவலைப் பற்றியது. 2018 மே 31இல் மலேசியாவின் பொருள் சேவை வரி எவ்வளவு? 6 விழுக்காடு. ஜூன் 1இல்? 0 விழுக்காடு. இந்த ஆண்டில்? இதற்கு எந்த எண்ணும் விடையாகாது. அப்படி ஒரு வரியே இப்போது இல்லை என்பதுதான் சரியான விடை. 0 விழுக்காடு என்பதும் வரி இல்லை என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் வரிச் சட்டம் இருக்கிறது, அளவுதான் சுழியம்; இரண்டாவதில் வரியே நீங்கிவிட்டது. பழைய எண்ணின் இடத்தில் புதிய எண்ணை வைக்க மட்டும் தெரிந்த நினைவமைப்புக்கு, ஒன்று முடிந்துபோனதைப் பதிவு செய்ய இடமே இருக்காது. கடைசியாகக் கேட்ட எண்ணையே அது ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும். சோதனைகளில் பலரும் மறந்துவிடும் கேள்வி இதுதான் என்பது என் கருத்து. ஒரு தகவல் எப்போது தொடங்கியது என்று கேட்பதை நாம் வழக்கமாக வைத்திருக்கிறோம். எப்போது முடிந்தது என்று கேட்பதில்லை.

விடைகளுக்கு மதிப்பெண் கொடுக்கும் முறையையும் இங்கே சொல்ல வேண்டும். ‘சரி’, ‘தவறு’ என்ற இரண்டு முத்திரைகள் மட்டும் போதா. 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் வரியைக் கேட்டபோது ஒரு நினைவமைப்பு ‘7’ என்றும் மற்றொன்று ‘12’ என்றும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டுமே தவறு. ஆனால், 7 என்பது ஒரு காலத்தில் உண்மையாக இருந்த, காலாவதியான தகவல். 12 என்பது எந்தக் குறிப்பிலும் இல்லாதது. முதல் நினைவமைப்பு, தகவலைச் சரியாகத்தான் சேமித்திருக்கிறது. நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் சறுக்கியிருக்கிறது. இரண்டாவதில் சேமிக்கும் இடத்திலோ எடுக்கும் இடத்திலோ தகவலே சிதைந்திருக்கிறது. பழுது வேறு வேறு இடங்களில் இருப்பதால், பழுதுபார்க்கும் முறையும் வேறு. எனவே, சோதனையாளர் ஒவ்வொரு விடைக்கும் இரண்டு மதிப்பெண்கள் தருகிறார். கொடுத்த குறிப்பை மாற்றாமல் சொன்னதா என்பதற்கு ஒன்று; கேட்ட நாளுக்கு அது பொருந்துகிறதா என்பதற்கு ஒன்று. 7 என்ற விடைக்கு முதல் மதிப்பெண் கிடைக்கும், இரண்டாவது கிடைக்காது. 12க்கு இரண்டுமே கிடைக்கா.

இந்த இரண்டாவது மதிப்பெண்ணை எவ்வளவு நல்ல நினைவமைப்பாலும் பெற முடியாத ஒரு சூழல் உண்டு. அதையும் வேண்டுமென்றே உருவாக்கிச் சோதிக்கலாம். 2022 பிப்ரவரி அறிவிப்பைப் பற்றிய குறிப்பை நினைவமைப்புக்குக் கொடுக்காமல் மறைத்துவிடுங்கள். பொய்க் கடிகாரத்தை 2024 ஜனவரிக்குத் திருப்புங்கள். வரி எவ்வளவு என்று கேட்டால் 7 என்றுதான் வரும். அதனிடம் சொல்லப்படாத ஒன்று அதற்கு எப்படித் தெரியும்? ஆனால், அந்த விடையோடு ஒரு தேதியைச் சேர்த்துத் தர அதனால் முடியும். ‘7 விழுக்காடு, கடைசியாக உறுதிசெய்யப்பட்ட நாள் 2021 நவம்பர் 10’ என்று திரையில் வந்தால், படிப்பவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பழைய தகவல் இது என்று உடனே புரிந்துகொள்வார், வேறு இடத்தில் சரிபார்த்துக்கொள்வார். எவ்வளவு காலம் கழித்துச் சரிபார்க்க வேண்டும் என்பது தகவலைப் பொறுத்தது. ஒருவருடைய பிறந்த நாளை மறுபடி சரிபார்க்க வேண்டியதில்லை. வரி அளவை ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்ட அறிவிப்புக்குப் பிறகு பார்ப்பது நல்லது. பேருந்து வந்து சேரும் நேரமோ சில நிமிடங்களிலேயே பழசாகிவிடும்.

அந்தத் தேதியையும் அப்படியே நம்பிவிட முடியாது. சில மென்பொருள்களில், ஒரு குறிப்பை யாராவது தேடி எடுக்கும்போதெல்லாம் அதன் தேதி இன்றைய தேதியாக மாறிவிடும். அடிக்கடி பயன்படும் குறிப்பை எளிதில் எடுக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதன் விளைவாக, 2021இல் எழுதிய குறிப்பு நேற்றுதான் உறுதிசெய்யப்பட்டதுபோல் தோன்றும். பலரும் அதிகமாகத் தேடும் தகவல்தான் மிகப் புதியதாகக் காட்சியளிக்கும். இதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிது. ஒரு குறிப்பைக் கொடுங்கள். பொய்க் கடிகாரத்தை ஓர் ஆண்டு முன்னே நகர்த்துங்கள். அதே கேள்வியைப் பத்து முறை கேளுங்கள். பிறகு, கடைசியாக உறுதிசெய்யப்பட்ட நாள் எது என்று பாருங்கள். குறிப்பைக் கொடுத்த நாளே திரையில் வர வேண்டும். அந்த நாள் ஓர் ஆண்டு முன்னே நகர்ந்திருந்தால், அந்த நினைவமைப்பு படித்ததையும் சரிபார்த்ததையும் ஒன்றாகக் கருதுகிறது.